போர்டு வெட்டும் முன் எழுத்தில் உறுதி வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பன் பக்கத்தில் மெலமைன் போர்டை அளவுக்கு வெட்டி, வெட்டிய ஓரத்தை மூடும் எட்ஜிங் பட்டையை ஒட்டிக் கொடுக்கும் ஒரு சிறிய பட்டறையில் பல வருடமாக ஆர்டர் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கங்களில் இதே தொழிலில் புதிதாக இறங்கியிருக்கும் நம் ஆட்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சமையலறைக் கதவுகளையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். எங்களிடம் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை அதில்தான் பிறக்கின்றன.

வாடிக்கையாளரே அளவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அதுவே எழுத்துதானே, திரும்பவும் எதற்கு உறுதி கேட்க வேண்டும்?

அவர் அனுப்பியது அவர் மனதில் இருப்பது. நீங்கள் வெட்டப் போவது உங்களுக்குப் புரிந்தது. இந்த இரண்டும் ஒன்றா என்று அவருடைய செய்தியை வைத்துச் சொல்ல முடியாது. நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் வார்த்தையில் எழுதி அனுப்பி, அதை அவர் படித்து "சரி" என்று சொன்னால்தான் தெரியும்.

ஒரு ஆன்ட்டி இப்படி அனுப்பியிருந்தார்: "716 x 396 பிரவுன் வுட் கதவு, 6 செட்". பார்த்தால் எல்லாம் இருப்பதுபோலத் தெரிகிறது. ஆனால் இந்த ஒரு வரியில் ஐந்து கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எது உயரம், எது அகலம்? மர வரி எந்தப் பக்கம் ஓட வேண்டும்? இந்த அளவு எட்ஜிங் ஒட்டுவதற்கு முன்பா, பின்பா? பிரவுன் என்றால் எந்தப் பிரவுன்? 6 செட் என்றால் 6 கதவா, 12 கதவா? இதில் ஒன்றை நீங்களாக ஊகித்து ரம்பத்துக்கு அனுப்பினாலும், அந்த ஊகத்தின் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

உயரம், அகலம் மாறினால் என்ன? கதவைத் திருப்பி மாட்டினால் போகிறது.

வெள்ளைப் போர்டில் திருப்பலாம். மர வரி உள்ள போர்டில் முடியாது. தென்னாப்பிரிக்காவில் நாம் வழக்கமாக வாங்கும் மெலமைன் போர்டு 2750 க்கு 1830 மி.மீ. அதில் வரி 2750 நீளத்தின் வாக்கில் ஓடும். வெட்டும் பட்டறைகள் பலவற்றில் முதலில் எழுதும் எண் வரியின் வாக்கில் போகும் நீளம், இரண்டாவது எண் அதற்குக் குறுக்கே உள்ள அகலம். இது பட்டறைக்குள் எல்லாருக்கும் தெரியும். வாடிக்கையாளருக்குத் தெரியாது. ஜன்னல் திரைக்கு அளவு கொடுத்துப் பழகியவர் அகலத்தை முதலில் எழுதுவார்.

ஆகவே 716 x 396 என்று வந்தால் வரி நின்றவாக்கில் ஓடும் கதவு கிடைக்கும். அதே கதவை 396 x 716 என்று எழுதினால் வரி படுத்தவாக்கில் ஓடும். இரண்டும் ஒரே அளவுதான், சட்டத்தில் சரியாக உட்காரவும் செய்யும். ஆனால் பதினொரு கதவுக்கு நடுவில் ஒரு கதவு மட்டும் வரி குறுக்கே ஓடினால் சமையலறைக்குள் நுழைந்ததுமே கண்ணில் குத்தும்.

டிராயர் முகப்பில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். 796 அகலம், 140 உயரம் உள்ள முகப்பில் வரி படுத்தவாக்கில் ஓட வேண்டும் என்று சிலர் விரும்புவார்கள். கீழே உள்ள கதவின் வரியோடு தொடர்ச்சியாக நின்றவாக்கில் வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். இரண்டும் சரிதான். அதனால் உறுதிச் செய்தியில் பெருக்கல் குறி போடுவதையே நான் விட்டுவிட்டேன். "உயரம் 716, அகலம் 396, வரி உயரவாக்கில்" என்று சொல்லாகவே எழுதுகிறேன்.

எட்ஜிங் வெறும் 2 மில்லிதானே? அதையும் எழுத வேண்டுமா?

மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். நாங்கள் பட்ட அடியைச் சொல்கிறேன்.

ஃபீனிக்ஸில் ஒரு வீடு. 800 அகலத்தில் ஆறு கீழ் அலமாரிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. கதவின் அகலம் 396 என்று வந்தது. கணக்கு அழகாக இருந்தது: இரண்டு ஓரத்திலும் 2 மி.மீ., நடுவில் 4 மி.மீ. இடைவெளி, இரண்டு கதவுகள் சேர்ந்து 792, ஆக மொத்தம் 800. அளவெடுத்தவர் எட்ஜிங் ஒட்டி முடித்த கதவின் அளவைக் கொடுத்திருந்தார். எங்கள் ஆள் அதை வெட்டு அளவாக எடுத்துக்கொண்டார். 396 க்கு வெட்டி, இரண்டு பக்கமும் 2 மி.மீ. எட்ஜிங் ஒட்டினார்கள். கதவு 400 ஆனது. இரண்டு கதவும் சேர்ந்து 800. நடுவில் இடைவெளி இல்லை, ஓரத்திலும் இல்லை. ஒரு கதவைத் திறந்தால் பக்கத்துக் கதவின் ஓரத்தை உரசிக்கொண்டு வந்தது.

ஒரு விதத்தில் அது நல்ல காலம். கதவு பெரிதாகிவிட்டால் திரும்ப வெட்டலாம். பன்னிரண்டு கதவிலும் எட்ஜிங்கை எடுத்து, குறைத்து வெட்டி, மறுபடி ஒட்டினோம். இரண்டு நாள் கூலி போனது, போர்டு பிழைத்தது. மாறாக, வாடிக்கையாளர் வெட்டு அளவைக் கொடுத்து, நாங்கள் அதை முடிந்த அளவு என்று எண்ணி எட்ஜிங்கின் கனத்தைக் கழித்திருந்தால் கதவு சிறுத்திருக்கும். சிறுத்த கதவை யாராலும் வளர்க்க முடியாது. புதுப் போர்டு வாங்க வேண்டும்.

அப்போதிருந்து எங்கள் செய்தியில் இந்த வரி கட்டாயம் இருக்கும்: "மேலே உள்ள அளவுகள் எட்ஜிங் ஒட்டி முடித்த பிறகு இருக்க வேண்டிய அளவுகள்." எட்ஜிங் எத்தனை மில்லி, எந்தெந்தப் பக்கம் என்பதும் அதோடு வரும். அலமாரிக்குள் போகும் தட்டுக்கு முன்பக்கம் மட்டும் ஒட்டினால் போதும், கதவுக்கு நான்கு பக்கமும் வேண்டும். "எல்லாம் எட்ஜிங் போட்டுத் தாருங்கள்" என்ற வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சிலர் இன்ச்சில் சொல்கிறார்கள், சிலர் சென்டிமீட்டரில். செய்தியில் இரண்டையும் எழுதிவிடலாமா?

வேண்டாம். இரண்டு அலகு எழுதினால் இரண்டு அளவு ஆகிவிடும். "இருபத்தெட்டே கால் இன்ச்" என்றால் 717.55 மி.மீ. அதை 718 என்று எழுதுவதா, 717 என்று எழுதுவதா என்று நீங்கள் முடிவு செய்து, அந்த மில்லிமீட்டர் எண்ணை மட்டும் அனுப்புங்கள். "உங்கள் டேப்பில் மில்லிமீட்டர் பக்கத்தைப் பார்த்து இன்னொரு முறை அளந்து சொல்லுங்கள், ஆன்ட்டி" என்று கேட்டால் பெரும்பாலும் அளந்து சொல்வார்கள். கட்டட வேலை முழுக்க மில்லிமீட்டரில் நடக்கும் நாட்டிலும், வீட்டுப் பெரியவர்கள் அடியிலும் இன்ச்சிலும் பேசும் வழக்கம் போகவில்லை. அது தவறில்லை, மாற்றி எழுத வேண்டியது நம் வேலை.

இங்கே தசமத்துக்குக் காற்புள்ளி போடும் வழக்கமும் உண்டு. 71,6 என்று ஒருவர் எழுதினால் அது 71.6 சென்டிமீட்டர், அதாவது 716 மி.மீ. அதே காற்புள்ளியை இன்னொருவர் இரண்டு எண்களைப் பிரிக்கப் போடுவார். முழு மில்லிமீட்டராக, புள்ளியும் காற்புள்ளியும் இல்லாமல் எழுதினால் இந்தச் சிக்கலே வராது.

நிறத்துக்குப் பெயர் எழுதினால் போதாதா? படமும் அனுப்பியிருக்கிறேன்.

பெயர் வேண்டும், ஆனால் போதாது. ஒரே நிறம் இரண்டு மூன்று மேற்பரப்பில் வரும்: வழவழப்பானது, பளபளப்பானது, தடவினால் மர வரி கையில் தட்டுப்படுவது. பெயரை மட்டும் எழுதினால் இதில் எது என்று தெரியாது. தயாரிப்பாளர் பெயர், நிறத்தின் முழுப் பெயர், மேற்பரப்பு என்று மூன்றையும் எழுதுங்கள். "போன தடவை போட்டது" என்று சொல்பவரிடம் கொஞ்சம் பொறுமையாக இருங்கள். போன தடவையின் பில்லைத் தேடி எடுத்துப் பார்த்து, பெயரை எழுதி, அதுதானா என்று கேளுங்கள். ஓர் அலமாரிக்கு மட்டும் புதுக் கதவு போடுபவர் என்றால் பழைய கதவில் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வெயில் பட்டு வெளுத்த கதவோடு புதுப் போர்டு ஒத்துப்போகாது என்பதை வெட்டும் முன் அவர் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

போன் திரையில் தெரியும் நிறத்தை வைத்து உறுதி வாங்காதீர்கள். நீங்கள் அனுப்பும் படம் உங்கள் கடை விளக்கில் எடுத்தது. அவர் பார்ப்பது அவருடைய திரையின் வெளிச்சத்தில். கடையின் டியூப் லைட்டில் சாம்பலாகத் தெரியும் துண்டு வீட்டின் மஞ்சள் பல்பில் பழுப்பாகத் தெரியும். மாதிரித் துண்டைக் கையில் கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமையலறையில் பகலிலும் இரவிலும் வைத்துப் பார்க்கச் சொல்வோம். பிடித்திருந்தால் அந்தத் துண்டின் பின்பக்கம் தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுப்பார். அது ஆர்டர் காகிதத்தோடு சேர்ந்து ஆணியில் தொங்கும். ஒரு நாள் தாமதமாகிறதே என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. ஆனால் கதவு மாட்டிய பிறகு "நான் நினைத்த நிறம் இது இல்லை" என்பதற்கு மருந்தே கிடையாது.

எண்ணிக்கையில் என்ன குழப்பம் வரப் போகிறது?

"செட்", "ஜோடி", "அலமாரிக்கு" என்ற மூன்று சொற்களும் எண்ணிக்கைக்கு எதிரி. ஆறு செட் என்று ஆன்ட்டி சொன்னது ஆறு அலமாரிக்குத் தேவையான கதவுகள், அதாவது பன்னிரண்டு. உறுதியில் எப்போதும் துண்டுக் கணக்கை எழுதுங்கள். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி மொத்தத் துண்டுகளையும் எழுதுங்கள். அந்த மொத்தத்தைப் பார்க்கும்போதுதான் "ஐயோ, சின்க் பக்கத்துக் கதவை விட்டுவிட்டேனே" என்று அவருக்கு நினைவு வரும்.

ஒரு கதவு கூடினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 716 உயரக் கதவு, வரி உயரவாக்கில். ரம்பத்தின் பல் ஒவ்வொரு வெட்டிலும் சுமார் 4 மி.மீ. தின்னும். 2750 நீளத்தில் மூன்று கதவு வரும், நான்காவதற்கு இடம் போதாது. 1830 அகலத்தில் நான்கு வரும். ஆக ஒரு போர்டில் பன்னிரண்டு கதவு. பதின்மூன்றாவது கதவுக்கு இரண்டாவது போர்டையே திறக்க வேண்டும். வரி இல்லாத வெள்ளையாக இருந்தால் மிச்சம் இருக்கும் துண்டில் கதவைத் திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு எடுக்கலாம், பதினான்கு கிடைக்கும். வெட்டும் முன் இதைச் சொன்னால் வாடிக்கையாளரே யோசித்துக்கொள்வார். வெட்டிய மறுநாள் ஒரு கதவு கேட்டால் ஒரு முழுப் போர்டின் விலையைக் கேட்க வேண்டியிருக்கும், உங்களைப் பேராசைக்காரர் என்று நினைப்பார். அதோடு, பிறகு வாங்கும் போர்டு வேறு லாட்டில் வந்ததாக இருந்தால் நிறத்தில் இலேசான வித்தியாசம் தெரியலாம்.

சரி, அந்தச் செய்தியை எப்படி எழுதுவது?

நாங்கள் அந்த ஆன்ட்டிக்கு அனுப்பியதை அப்படியே தருகிறேன். நிறத்தின் பெயர் இருந்த இடத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

> வணக்கம் ஆன்ட்டி. உங்கள் ஆர்டரை நாங்கள் இப்படிப் புரிந்துகொண்டோம். இன்னும் எதையும் வெட்டவில்லை.
>
> போர்டு: 16 மி.மீ. மெலமைன். நிறமும் மேற்பரப்பும் செவ்வாய்க்கிழமை நீங்கள் கையெழுத்திட்ட மாதிரித் துண்டின்படி.
>
> கதவு: உயரம் 716, அகலம் 396. மொத்தம் 12 துண்டு. மர வரி உயரவாக்கில்.
>
> டிராயர் முகப்பு: உயரம் 140, அகலம் 796. மொத்தம் 2 துண்டு. மர வரி அகலவாக்கில்.
>
> எட்ஜிங்: 2 மி.மீ., நான்கு பக்கமும், போர்டின் நிறத்திலேயே. மேலே உள்ள அளவுகள் எட்ஜிங் ஒட்டி முடித்த பிறகு இருக்க வேண்டிய அளவுகள். எல்லா அளவும் மில்லிமீட்டர்.
>
> எல்லாம் சேர்த்து 14 துண்டு.
>
> தயவுசெய்து டேப்பை எடுத்து ஒரு முறை ஒத்துப் பாருங்கள். சரி என்றால் கதவின் உயரம், அகலம், மொத்தத் துண்டு மூன்றையும் எழுதி "வெட்டலாம்" என்று பதில் அனுப்புங்கள். அதற்குப் பிறகு மாற்ற முடியாது.

ஆன்ட்டியின் பதில் இரவு வந்தது. உயரம், அகலம், துண்டு எல்லாம் சரி, ஆனால் டிராயரின் வரி கதவு மாதிரியே நின்றவாக்கில் வேண்டும் என்றார். அந்த விஷயத்தை அவர் அதுவரை சொல்லவே இல்லை. நாங்கள் கேட்டிருக்காவிட்டால் அவருக்கும் தோன்றியிருக்காது. திருத்திய செய்தியை முழுதாக மறுபடி அனுப்பினோம், மறுபடி பதில் வாங்கினோம், அதற்குப் பிறகுதான் போர்டு ரம்பத்துக்குப் போனது.

கட்டைவிரல் படம் போட்டால் போதாதா? எண்களை எழுதச் சொன்னால் கோபிப்பார்களே.

கட்டைவிரல் "பார்த்தேன்" என்பதற்கும் வரும், "சரி" என்பதற்கும் வரும். நீளமான செய்தியைப் படிக்காமலே போடும் பழக்கமும் எல்லாருக்கும் இருக்கிறது. மூன்று எண்ணை எழுத வேண்டும் என்றால் செய்தியைத் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும். "உங்களுக்காகத்தான் கேட்கிறேன், ஆன்ட்டி. வெட்டிவிட்டால் ஒட்ட வைக்க முடியாது" என்று சொன்னால் இதுவரை யாரும் கோபித்ததில்லை. வாட்ஸ்அப் இல்லாத பெரியவர்கள் கடைக்கு வந்தால் செய்தியை அச்செடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். போனில் மட்டும் பேசுபவர் என்றால் அவருடைய மகனிடமோ மகளிடமோ அனுப்பி, அவர்களைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மாற்றம் கேட்டால் அந்த ஒரு வரியை மட்டும் திருத்தி அனுப்பலாமா?

கூடாது. பட்டறையில் ஒருவர் பழைய செய்தியையும் இன்னொருவர் திருத்தத்தையும் பார்த்து வெட்டியதை நான் கண்டிருக்கிறேன். முழுச் செய்தியையும் புதிதாக எழுதி, மேலே "இரண்டாவது பிரதி, முந்தையது ரத்து" என்று போடுங்கள். ரம்பத்துக்குப் போகும் பட்டியல் கடைசிப் பிரதியிலிருந்துதான் தயாராக வேண்டும்.

அளவெடுத்தது கான்ட்ராக்டர், பணம் கொடுப்பது வீட்டுக்காரர். யாரிடம் உறுதி வாங்குவது?

இருவரிடமும். அளவை உறுதி செய்ய வேண்டியவர் அளந்தவர். நிறத்தை உறுதி செய்ய வேண்டியவர் அந்த வீட்டில் வாழப் போகிறவர். மூவரும் இருக்கும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டுவிடுங்கள். அளவெடுத்தது உங்கள் ஆள் என்றால் அதையும் செய்தியில் எழுதுங்கள், அந்த அளவுக்குப் பொறுப்பு உங்களுடையது. நாமே தப்பாக அளந்துவிட்டு, வாடிக்கையாளர் "சரி" என்றாரே என்று அவர் மேல் தள்ளுவது நியாயமில்லை.

தீபாவளிக்கு முன் நெருக்கடி. பதில் வராவிட்டால் வெட்டிவிடலாமா?

வெட்டாதீர்கள். தீபாவளிக்கு முன்பும், டிசம்பர் நடுவில் கட்டட வேலைகள் விடுமுறைக்கு மூடும் முன்பும் எல்லாருக்கும் அவசரம். அதனால்தான் முதல் நாளே "பதில் வந்த நாளிலிருந்துதான் வேலை நாள் கணக்கு" என்று சொல்லிவிடுகிறோம். முன்பணத்தையும் உறுதி வந்த பிறகே வாங்குகிறோம். பணம் கொடுத்தவர் வேலை ஆரம்பமாகிவிட்டது என்று நினைத்துச் செய்தியைப் படிக்கவே மாட்டார்.

வாட்ஸ்அப் செய்தி சட்டத்தில் செல்லுமா? அவர் மனம் மாறினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

செல்லும். 2002 ஆம் ஆண்டின் 25 ஆம் எண் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம் மின்னணுச் செய்தியையும் எழுத்தாக ஏற்கிறது. இணையத்தில் வாங்கியதை ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யும் உரிமையை அதே சட்டம் நுகர்வோருக்குத் தருகிறது. ஆனால் அவர் சொன்ன விவரப்படி தயாரித்த பொருளுக்கு அந்த உரிமை கிடையாது. 2008 ஆம் ஆண்டின் 68 ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் முன்கூட்டி கொடுத்த ஆர்டரை ரத்து செய்யும் 17 ஆம் பிரிவு, சிறப்பு ஆர்டர் பொருள்களுக்குப் பொருந்தாது.

இதைக் கேட்டுக் கடைக்காரர்கள் நிம்மதி அடைவதைப் பார்த்திருக்கிறேன். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பொருளை ஒப்படைக்கும்போது, ஆர்டரில் சொன்ன முக்கிய விவரங்களோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள நுகர்வோருக்கு உரிமை உண்டு. குறைபாடுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்று தேர்ந்தெடுப்பது அவர். ஓரம் சிதைந்த கதவையோ, எட்ஜிங் உரிந்து வரும் கதவையோ உறுதிச் செய்தி காப்பாற்றாது. "வெட்டியதற்குப் பணம் திரும்பக் கிடையாது" என்று சுவரில் எழுதி வைத்தாலும் இந்தக் கடமை போகாது.

ஒப்படைக்கும்போது என்ன செய்வது?

அந்த உறுதிச் செய்தியை அச்செடுத்து வண்டியில் கொடுத்து அனுப்புங்கள். முதலில் மொத்தத் துண்டை எண்ணச் சொல்லுங்கள். அப்புறம் ஒவ்வொரு அளவிலும் ஒரு துண்டை எடுத்து வாடிக்கையாளர் முன்னால் டேப் வைத்து அளந்து, காகிதத்தில் உள்ள எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். மாதிரித் துண்டைக் கதவின் மேல் வைத்துக் காட்டுங்கள். ஏதாவது தவறு இருந்தால் கீல் துளை போடும் முன்பே தெரிந்துவிடும், துளை போடாத கதவைத்தான் வேறு எதற்காவது பயன்படுத்த முடியும்.